"அவளுக்கு உன் மேல ஒரு இது" என்று அண்ணி சொல்கிறார். எவ்வளவு நம்பலாம்?

மாசிவீதி_29

ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் செய்தவன், முதல் தடவையாக இழை தொடங்குகிறேன். சிரிக்காமல் படியுங்கள்.

வயது 29. ஊர் மதுரை, வேலை கோயம்புத்தூரில். போன மாதம் பெரியப்பா வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகிற இடத்தில் அண்ணி வந்து நின்று, "ஒரு விஷயம் சொல்றேன், நான் சொன்னேன்னு மூச்சு விடக் கூடாது" என்றார். அவருடைய சித்தி மகளுக்கு "உன் மேல ஒரு இது. ரொம்ப நாளாவே இருக்கு. அவளா வாயைத் திறக்க மாட்டா." அவ்வளவுதான், பந்திக்கு ரசம் வந்ததும் போய்விட்டார்.

அந்தப் பெண்ணை அண்ணன் கல்யாணத்திலிருந்து தெரியும். முறைப்படி என்னை மாமா என்று கூப்பிட வேண்டும். கூப்பிடமாட்டாள், "வாங்க", "போங்க" மட்டும்தான். அதற்கு முன் நான் அவளைப் பற்றி எதுவும் நினைத்ததில்லை என்பது உண்மை. இப்போது ஒரு மாதமாக வேறு எதுவும் நினைக்கவில்லை என்பதும் உண்மை.

சில அடையாளங்களும் தெரிகின்றன. வாட்ஸ்அப்பில் நான் ஸ்டேட்டஸ் வைத்தால் முதல் சில பேரில் அவள் பெயர் இருக்கிறது. போன வாரம் அண்ணன் வீட்டில் பார்த்தபோது காபி டம்ளரை என் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அதோடு என் சிநேகிதன் ஒருவனும் (அண்ணனுக்கும் பழக்கம்) "மச்சான், அந்தப் பொண்ணுக்கு உன்னைப் பிடிக்கும்போல" என்று தானாகவே சொன்னான்.

ஆக இரண்டு பேர் சொல்லியாகிவிட்டது. நம்பலாமா?

கணக்குப்பிள்ளை

ஒருவர் சொன்னால் சந்தேகம், இரண்டு பேர் சொன்னால் சாட்சி. அண்ணி சொன்னது சரியாக இருக்கப் பாதிக்குப் பாதி என்று வைத்தாலும், சிநேகிதனும் தனியாக அதையே சொல்லும்போது சரியாக இருக்கும் வாய்ப்பு கூடத்தான் செய்யும். ஸ்டேட்டஸையும் சேர்த்தால் கிட்டத்தட்ட உறுதி. பேசிவிடுங்கள்.

தட்டான்பூச்சி

நேரில் சொல்லாதீர்கள் நண்பா, கடிதம் எழுதுங்கள். நான் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கும்போது அறைத்தோழன் இப்படித்தான் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னான். "உன்னைப் பத்திக் கேட்டா மச்சி" என்றான். நான் நேராக கேன்டீனில் போய் நின்று பேசினேன். அவள் என்னைப் பற்றிக் கேட்டது உண்மைதான். ஆய்வகப் பதிவேட்டை நான் திருப்பித் தரவில்லை, அதைக் கேட்டிருக்கிறாள். பதிவேடு என் பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். கடிதம் என்றால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

மாசிவீதி_29

எப்படிச் சொல்வது என்று நான் கேட்கவில்லை. அண்ணி சொன்னதை நம்பலாமா என்பதுதான் கேள்வி. ஆனால் பதிவேட்டுக் கதை கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது.

பனையோலை

கணக்குப்பிள்ளை சொன்னதில் "தனியாக" என்ற ஒரு சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. உங்கள் சிநேகிதன் அந்தப் பெண்ணோடு பேசியிருக்கிறானா? அல்லது அண்ணி அண்ணனிடம் சொல்லி, அண்ணன் அவனிடம் சொல்லி, அவன் உங்களிடம் சொல்லியிருக்கிறானா? அப்படியென்றால் சாட்சி இரண்டில்லை. ஒரே சாட்சி இரண்டு வாய் வழியாக வந்திருக்கிறது. குடும்பத்துக்குள் வருகிற "எல்லாரும் சொல்றாங்க" பெரும்பாலும் ஒரு கிணற்றுத் தண்ணீர்தான். முதலில் அவனிடம் "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள்.

அடுத்தது, "ஒரு இது". இது அந்தப் பெண் சொன்ன சொல்லா, அண்ணி போட்ட சொல்லா? நம் பேச்சில் "இது" என்றால் மரியாதை முதல் உயிரை விடுகிற காதல் வரை எதுவாகவும் இருக்கலாம். அதனால்தான் இப்படிப்பட்ட செய்திகளில் அந்தச் சொல் வருகிறது. சொல்பவர் பொய் சொன்னதாகவும் ஆகாது, கேட்பவர் தனக்கு வேண்டியதை நிரப்பிக்கொள்ளவும் முடியும்.

அண்ணியிடம் "அவளுக்கு நிஜமாவே பிடிக்குமா?" என்று மறுபடி கேட்காதீர்கள். "ஆமாம்" என்றுதான் வரும், அதனால் புதிதாக எதுவும் தெரியாது. அவள் வாயிலிருந்து வந்த வார்த்தை என்ன, எப்போது, எங்கே வைத்து, பேச்சை முதலில் எடுத்தது யார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம்.

கல்லூரியில் உளவியல் பாடம் எடுக்கிறேன். பசங்க இந்த விஷயத்தோடு வரும்போதெல்லாம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

வெள்ளாறு

அந்தக் காபி டம்ளரைக் கணக்கில் சேர்க்காதீர்கள், ப்ளீஸ். நான் யார் கையிலும் டம்ளரைக் கொடுக்கமாட்டேன், சூடாக இருக்கும். இதை வைத்து என் பெரிய மாமியார் வீட்டில் "அந்தப் பொண்ணுக்குத் திமிர்" என்று பேச்சு வந்தது. உங்களுக்கு அதுவே வெட்கமாகத் தெரிகிறது.

மாமா என்று கூப்பிடாததும் அப்படித்தான். பிடிக்காதவரையும் கூப்பிடமாட்டோம், பிடித்தவரையும் கூப்பிடமாட்டோம், சும்மா கூச்சத்திலும் கூப்பிடமாட்டோம்.

மாசிவீதி_29

சிநேகிதனிடம் கேட்டேன். பனையோலை சொன்னதுதான். அண்ணன் ஒரு நாள் டீக்கடையில் சொல்லியிருக்கிறான். இவன் அந்தப் பெண்ணை நேரில் பார்த்ததே ஒரு தடவைதான். கணக்குப்பிள்ளை, உங்கள் கணக்கு போச்சு.

ஆனால் ஸ்டேட்டஸ்? அதை யாரும் சொல்லவில்லை, நானே பார்க்கிறேன்.

கணக்குப்பிள்ளை

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்டேட்டஸ் என்பது நேரடித் தரவு, அது பொய் சொல்லாது.

பனையோலை

பொய் சொல்லாது, ஆனால் ஒப்பிட ஏதாவது வேண்டும். பால்காய்ச்சுக்கு முன்னால் அவள் எத்தனையாவதாகப் பார்த்தாள்? உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் அப்போது நீங்கள் அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கவில்லை. இப்போது போய்ப் பார்க்கவும் முடியாது, 24 மணி நேரத்தில் மறைந்துவிடுகிறது. அவள் மற்றவர்களுடைய ஸ்டேட்டஸையும் இதே வேகத்தில் பார்க்கிறாளா என்பதும் உங்களுக்குத் தெரிய வழியில்லை. நாள் முழுக்க போனைக் கையில் வைத்திருப்பவர் எல்லோருடைய பட்டியலிலும் முதலில்தான் வருவார்.

சம்பந்தியம்மா

தம்பி, நான் உங்க அண்ணி மாதிரி ஆள். எங்கள் சொந்தத்தில் இதுவரை 11 கல்யாணம் பேசி முடித்திருக்கிறேன், காசு வாங்கியதில்லை. அதனால் உள்ளே இருந்து சொல்கிறேன்.

ஒரு பையனும் பெண்ணும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றினால் சும்மா இருக்கமாட்டேன். பெண்ணிடம் போய், "அந்தப் பையன் எப்படி?" என்பேன். அவள் சிரித்துக்கொண்டே "நல்லவங்கதான் அத்தை" என்பாள். வேறு என்ன சொல்வாள்? உடனே பையனிடம் போய், "அவளுக்கு உன்னைப் பிடிச்சிருக்கு" என்பேன். பையன் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதைப் பார்த்துவிட்டுப் பெண்ணிடம் திரும்பிப் போய், "பையன் உன் நினைப்பாவே இருக்கான்" என்பேன். இதை நான் பொய் என்று நினைத்ததே இல்லை. விளக்கு ஏற்றுகிறவர் முதலில் தீக்குச்சியைத்தானே உரச வேண்டும்.

அண்ணி உங்களிடம் சொன்ன அதே வாரத்தில் அவளிடமும் ஏதோ சொல்லியிருப்பார். இதை எழுதித் தருகிறேன்.

வெள்ளாறு

சம்பந்தியம்மா, உங்களைப் போன்ற ஓர் அக்காவால்தான் எனக்கு ஒரு வருடம் போனது. "நல்லவர்தான்" என்று நான் சொன்னது அந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே மரியாதையான பதில். சொந்தக்காரரைப் பற்றி இன்னொரு சொந்தக்காரர் கேட்கும்போது "எனக்கு ஈடுபாடில்லை" என்று சொன்னால் அது ஏழு வீட்டுக்குப் போகும். "அவருக்கு என்ன குறைச்சல்னு இவ வேண்டாங்கறா?" என்று ஆகும். அதனால் சிரித்தேன். அந்தச் சிரிப்பு ஊருக்குள் சம்மதமாகப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பையன் நல்ல பையன்தான், என்மேல் கோபப்பட்டான், "அப்புறம் ஏன் சிரிச்சே?" என்று கேட்டான். அவன் பக்கம் நின்று பார்த்தால் அவனும் ஏமாந்தவன்தான்.

சம்பந்தியம்மா

அது தப்புத்தான் கண்ணு. ஆனால் அந்த 11 பேரில் ஒன்பது பேர் இன்றும் நான் தீக்குச்சி உரசியதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். மீதி இரண்டைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை.

பனையோலை

சம்பந்தியம்மா மனம் திறந்து எழுதியதுதான் இந்த இழையிலேயே பெரிய தகவல். அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் மேலே போகிறேன்.

1986-இல் ரெபெக்கா கர்டிஸ், கிம் மில்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத மாணவர்களை இருவர் இருவராகப் பேச விட்டார்கள். பிறகு அந்த இருவரில் ஒருவரை மட்டும், எதிராளிக்குத் தன்னைப் பிடித்திருக்கிறது என்று நம்பும்படி செய்தார்கள். வேறு சில ஜோடிகளில் பிடிக்கவில்லை என்று நம்ப வைத்தார்கள். இரண்டுமே இட்டுக்கட்டியவை. அதற்குப் பிறகு மறுபடி பேச விட்டார்கள். பிடித்திருக்கிறது என்று நம்பியவர் தன்னைப் பற்றி மனம் விட்டுப் பேசினார், குறைவாக மறுத்தார், குரலே இதமாக இருந்தது. முடிவில் எதிராளிக்கு அவரை உண்மையிலேயே கூடுதலாகப் பிடித்துப்போனது. பிடிக்கவில்லை என்று நம்பியவருக்கு நேர்மாறாக நடந்தது.

இது உங்கள் கதையில் எங்கே பொருந்துகிறது என்றால், அண்ணி சொன்ன பிறகு நீங்கள் பார்க்கிற எந்த அடையாளமும் அண்ணி சொன்னதற்கு ஆதாரமாகாது. நீங்கள் அவளைப் பார்க்கிற விதம் மாறிவிட்டது, சிரிக்கிற விதம் மாறியிருக்கும். அவள் அதற்குப் பதில் தருகிறாள். சம்பந்தியம்மா சொன்னபடி அவளிடமும் ஏதாவது சொல்லப்பட்டிருந்தால், அவள் உங்கள் ஸ்டேட்டஸைப் பார்ப்பது "இவருக்கு என்னைப் பிடிக்குமாமே, அப்படி என்ன ஆள் இவர்?" என்று பார்ப்பதாகக்கூட இருக்கலாம். நீங்கள் அவளுடைய அடையாளத்தைத் தேட, அவள் உங்களுடைய அடையாளத்தைத் தேட, இரண்டு பேரும் அண்ணியின் வார்த்தையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

பால்காய்ச்சுக்கு முன்னால் நடந்தது ஏதாவது நினைவில் இருக்கிறதா? அது இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

தட்டான்பூச்சி

அப்போ யாருக்கும் யாரைப் பிடித்திருக்கிறது என்று வெளியாள் கண்டுபிடிக்கவே முடியாதா? என் தங்கை கண்டுபிடித்துவிடுவாள். எங்கள் தெருவில் மூன்று ஜோடியை அவள்தான் முதலில் சொன்னாள்.

பனையோலை

முடியும், ஓரளவுக்கு. 2009-இல் இந்தியானா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், ஜெர்மனியில் ஆணும் பெண்ணும் முதன்முதலாகச் சந்தித்துச் சில நிமிடம் பேசிய காணொளிகளைச் சம்பந்தமே இல்லாதவர்களிடம் போட்டுக் காட்டி, யாருக்கு யார்மேல் விருப்பம் என்று கேட்டார்கள். குருட்டாம்போக்கை விடச் சரியாகவே சொன்னார்கள். ஆனால் ஆண்களின் விருப்பத்தைக் கண்டுபிடித்த அளவுக்குப் பெண்களின் விருப்பத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. சில பெண்களைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் தவறாகச் சொன்னார்கள். அந்தப் பெண்கள் சிரித்துப் பேசியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

உங்கள் தங்கையின் மூன்று ஜோடியைப் பற்றி ஒரே கேள்வி: அவள் சொல்லித் தப்பாய்ப் போன ஜோடிகள் எத்தனை? அவற்றை யாரும் நினைவில் வைப்பதில்லை.

தட்டான்பூச்சி

கேட்டேன். "அதெல்லாம் எண்ணலை போடா" என்கிறாள்.

மாசிவீதி_29

பனையோலை கேட்டது மூன்று நாளாக மண்டைக்குள் ஓடுகிறது. பால்காய்ச்சுக்கு முன் நடந்தது என்று நேர்மையாக யோசித்தால் ஒன்றுதான் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் என் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது குடும்பத்தோடு வந்தாள். எல்லோரும் அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்க, இவள் மட்டும் என்னிடம் "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். இதை நான் அப்போதே கவனித்தேனா, இப்போது தேடி எடுக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

அண்ணியிடம் கேட்டும் விட்டேன். பனையோலை சொன்ன மாதிரி, சண்டைக்குப் போகாமல், "அண்ணி, அவ என்ன வார்த்தை சொன்னா, அதை அப்படியே சொல்லுங்க" என்றேன். முதலில் "அதெல்லாம் பொம்பளைங்களுக்குத் தெரியும்" என்றார். விடவில்லை. கடைசியில் வந்தது இதுதான்:

தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கப் போகும்போது ஆட்டோவில் அண்ணிதான் பேச்சை எடுத்திருக்கிறார். "எங்க கொழுந்தனைப் பத்தி என்ன நினைக்கிறே?" அவள், "ஏன்க்கா, நல்லவங்கதான்." அண்ணி, "உனக்குப் பார்க்கலாமா?" அவள் சிரித்திருக்கிறாள். "போங்கக்கா" என்றிருக்கிறாள். அவ்வளவுதான். "ரொம்ப நாளாவே இருக்கு" எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "எனக்கு ரொம்ப நாளா தோணிக்கிட்டே இருக்கு" என்றார்.

கணக்குப்பிள்ளை

ஆக பூஜ்யம். இழையை மூடிவிடலாம்.

வெள்ளாறு

பூஜ்யம் இல்லை. "போங்கக்கா"வில் இரண்டு வகை உண்டு. ஒன்று, "இந்தப் பேச்சை விடுங்க". இன்னொன்று, "இன்னொரு தடவை கேளுங்க". ஆட்டோவில் நீங்கள் இல்லை, எங்களில் யாரும் இல்லை. அண்ணி இருந்தார், அவருக்கு இரண்டாவதுதான் கேட்கும். தன் சித்தி மகளே ஓரகத்தியாக வந்தால் அவருக்கு அந்த வீட்டில் ஒரு துணை. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, எனக்கும் அந்த ஆசை இருந்திருக்கும்.

சம்பந்தியம்மா

வெள்ளாறு சொல்வது சரி. ஆனால் இன்னொன்றையும் பாருங்கள். அண்ணி பொய்யில் நிற்கவில்லை. இரண்டு தடவை கேட்டதும் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டார். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் இன்னும் இரண்டு வரி சேர்த்திருப்பேன். தம்பி, அவளிடம் என்ன சொன்னார் என்று கேட்டீர்களா?

மாசிவீதி_29

கேட்டேன். "அவகிட்ட நான் ஒண்ணும் சொல்லலை" என்றார். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

பனையோலை

"நான் சொன்னேன்னு மூச்சு விடாதே" என்று அவர் ஆரம்பித்ததை நினைத்துப் பாருங்கள். உண்மையான ரகசியத்தைக் கொண்டுவருபவரும் அதைத்தான் சொல்வார், அதனால் அதை வைத்து அவர்மேல் சந்தேகப்பட முடியாது. ஆனால் அதன் விளைவு என்ன? செய்தியைச் சரிபார்க்கக்கூடிய ஒரே ஆளிடம் நீங்கள் பேச முடியாமல் போகிறது. நீங்கள் அந்த வாக்கைக் காப்பாற்றுகிற வரைக்கும் இந்த இழை எத்தனை பக்கம் போனாலும் அண்ணியின் ஆட்டோவுக்குள்தான் சுற்றிக்கொண்டிருப்போம்.

"உனக்கு என்னைப் பிடிக்குமா?" என்று கேட்பது அவளை மாட்டிவிடுவது. "அண்ணி உங்ககிட்ட என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்கலாம். அதற்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்வதில் யாருக்கும் தலைகுனிவு இல்லை. பக்கத்தில் ஆள் இல்லாதபோது கேளுங்கள், வெள்ளாறு சொன்ன ஏழு வீடு நினைவிருக்கட்டும்.

மாசிவீதி_29

மூன்று வாரம் கழித்து வருகிறேன். அண்ணன் பிள்ளைக்கு அழகர்கோவிலில் மொட்டை போட்டுக் காது குத்தினோம். பதினெட்டாம்படி கருப்பு சன்னதிப் பக்கம் எல்லோரும் கிடா விருந்துக்கு ஓடிக்கொண்டிருக்க, அவள் மட்டும் செருப்புகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தாள். போய்க் கேட்டேன், பனையோலை சொன்ன அதே வாக்கியம்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நீங்கதான் கேட்கச் சொன்னீங்கன்னு சொன்னாங்க" என்றாள்.

எப்போது என்று கேட்டேன். பால்காய்ச்சுக்கு முந்தின நாள், போனில். சம்பந்தியம்மா, எழுதித் தந்தது பலித்துவிட்டது, முந்தின நாளே. நான் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிராதபோது, அவள் நினைப்பாகவே நான் கோயம்புத்தூரில் சோறு சாப்பிடாமல் கிடப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஸ்டேட்டஸை அவள் அதற்குப் பிறகுதான் பார்க்க ஆரம்பித்தாளாம். "சாப்பாட்டுப் படமாவே போடுறீங்களே, சாப்பிடலைன்னு சொன்னாங்களேன்னு பார்த்தேன்" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு அவளே சொன்னாள், குரூப் 2 பரீட்சைக்குப் படிக்கிறாளாம், அது முடிகிற வரை இந்தப் பேச்சே வீட்டில் வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லச் சொன்னாள். "இந்தப் பேச்சு" என்றால் என்னோடா, யாரோடுமா என்று நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியையும் கேட்கவில்லை.

கணக்குப்பிள்ளை

கேட்டிருக்க வேண்டும். அது ஒன்றுதான் அண்ணிக்கு முந்தைய தரவு.

வெள்ளாறு

கேட்காததே நல்லது.

பனையோலை

எனக்கும் ஒரு சந்தேகம் மிஞ்சுகிறது. இப்போது உங்களுக்கு அவளைப் பிடித்திருந்தால் அது அண்ணி உண்டாக்கியதா, உங்களுடையதா? அந்த 1986 சோதனையில் இதற்குப் பதில் இல்லை. அது அந்த ஒரு பேச்சு முடிகிற வரைக்கும்தான் பார்த்தது.

சம்பந்தியம்மா

யார் உண்டாக்கினால் என்ன? என் வீட்டுக்காரருக்கு என்னைப் பிடிக்கும் என்று என்னிடம் சொன்னது அவருடைய அத்தை. 38 வருடம் ஆகிவிட்டது. அந்த அத்தை அவரிடம் என்ன சொன்னார் என்று நேற்று ராத்திரி இந்த இழையைப் படித்துவிட்டுத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். "உனக்கு என்னைப் பிடிக்கும்னு சொன்னாங்க" என்கிறார்.

தட்டான்பூச்சி

மாசிவீதி, பரீட்சை முடிந்ததும் கடிதம் எழுதுங்கள்.

மாசிவீதி_29

அண்ணி இரண்டு நாளாக "செருப்புப் பக்கத்துல என்ன பேசினீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். "அவ உங்களைப் பத்திக் கேட்டா அண்ணி" என்றேன். "என்ன கேட்டா, என்ன வார்த்தை, அப்படியே சொல்லு" என்கிறார்.